"xspj;njhFg;G" எந்த மொழி?



கொஞ்சம் நீளமான பதிவு. பவர்பொயின்ட் செய்து பிள்ளைகளுக்கும் சக ஆசிரியர்களுக்கும் அனுப்புகிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் கோபம் வந்துதான் எழுதுகிறேன், அதில் பாதி என் மேலேயே.

போன மாதம் எங்கள் பாடசாலையிலிருந்து தரம் 10 பிள்ளை ஒருத்தியை விஞ்ஞானப் போட்டியொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலைப்பு ஒளித்தொகுப்பு. பதினான்கு ஸ்லைட். நானாவுடைய லெப்டொப்பில் இரண்டு கிழமை இருந்து செய்திருந்தாள். இலை வெட்டுமுகத்தை அவளே கீறி, போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். பென் ட்ரைவை மண்டபத்துக் கணினியில் போட்டுத் திறந்தார்கள். முதல் ஸ்லைட்டில் பெரிய எழுத்தில் வந்தது இதுதான்:

```
xspj;njhFg;G
```

நடுவராக இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டு "இது என்ன மொழி மகள்?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. பிள்ளை ஸ்லைட்டைப் பார்க்காமல் மூன்று நிமிடம் பேசினாள், பிறகு இருந்துவிட்டாள். மதிப்பீட்டுத் தாளில் "முன் ஆயத்தம் போதாது" என்று எழுதியிருந்தார்கள்.

ஆயத்தம் போதாதது பிள்ளைக்கு அல்ல. எனக்கு. அந்த ஸ்லைட்டின் அடிப்படை மாதிரியைப் பாமினியில் டைப் பண்ணி, வட்ஸ்அப்பில் வகுப்புக்கு அனுப்பினது நான்தான். "இதுக்குள்ள உங்கட விஷயத்தப் போடுங்க" என்று சொன்னதும் நான்தான். பொன்டை பைலுக்குள் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் செய்யவில்லை. நானா வீட்டில் பாமினி இருந்ததால் அவளுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. மண்டபத்தில் இல்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது வந்த பதில்கள்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஒருவர் சொன்னார், "அந்தக் கணினி பிழை சேர்." இன்னொருவர், "பொன்டையும் பென் ட்ரைவில் கொண்டுபோய் இன்ஸ்டோல் பண்ணியிருக்கலாமே." மூன்றாமவர், "பி.டி.எப். ஆக்கிக் கொண்டுபோனால் முடிஞ்சுது." மூன்றும் எங்கள் ஊரில் இருபது வருடமாகச் சொல்லப்படுகிற பதில்கள். மூன்றும் பிழை என்பதுதான் என்னுடைய வாதம்.

முதலில் கணினி மேல் பழி போடுகிறவர்களுக்கு. மண்டபத்துக் கணினி ஒரு பிழையும் செய்யவில்லை. பைலுக்குள் என்ன இருந்ததோ அதை அப்படியே காட்டியது. பாமினியில் நீங்கள் டைப் பண்ணும்போது பைலில் பதிவது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துத்தான். x என்ற இடத்தில் ஒ-வையும், s என்ற இடத்தில் ள-வையும், F என்ற இடத்தில் கு-வையும் கீறி வைத்திருப்பதுதான் பாமினி பொன்ட். அது ஒரு மூக்குக்கண்ணாடி மாதிரி. போட்டிருக்கும்வரை ஒளித்தொகுப்பு, கழற்றினால் xspj;njhFg;G. நாங்கள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் பைலை மட்டும் அனுப்புகிறோம். பிறகு பார்க்கிறவனுக்குக் கண் தெரியவில்லை என்கிறோம்.

உங்கள் பைல் எந்த வகை என்று தெரியவில்லையா? ஸ்லைட்டில் ஒரு வசனத்தைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப் செய்திப் பெட்டிக்குள் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யுனிகோட். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பி வந்தால் அது பாமினி அல்லது அதன் சொந்தக்காரப் பொன்ட் ஏதோ ஒன்று. இதற்கு அரை நிமிடம் போதும்.

இப்போது "பொன்டைக் கொண்டுபோய் இன்ஸ்டோல் பண்ணு" என்கிறவர்களுக்கு. யாருடைய கணினியில்? போட்டி மண்டபத்துக் கணினியில், அடுத்த பிள்ளை வரிசையில் நிற்கும்போதா? பல பாடசாலைகளில் ஆய்வுகூடக் கணினியை, திரும்பப் போடும்போது பழைய நிலைக்குப் போகிற மாதிரிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் ஏற்றின பொன்ட் மத்தியானம் இருக்காது. அப்படி இன்ஸ்டோல் பண்ணினாலும் பவர்பொயின்டை மூடித் திறக்க வேண்டும். அதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிடும்.

பி.டி.எப். கட்சிக்காரர்களோடு எனக்குக் கொஞ்சம் உடன்பாடு உண்டு. பி.டி.எப்.பில் எழுத்து உடையாது, உண்மை. அவசரத்துக்கு ஒரு பிரதி பென் ட்ரைவில் இருக்கட்டும், நானும் இப்போது வைக்கிறேன். ஆனால் அசைவு போய்விடும். இலைக்குள் ஒளி போவதைப் படிப்படியாகக் காட்டின பிள்ளையின் வேலை செத்த படமாகிவிடும். அதைவிடப் பெரிய நட்டம் என்னவென்றால், அடுத்த வருடம் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிற டீச்சரால் ஒரு சொல்லைக் கூட லேசாகத் திருத்த முடியாது. அவர் திரும்ப முதலிலிருந்து டைப் பண்ணுவார். எங்கள் பாடசாலையில் ஒரே அலகுக்கு நான்கு பேர் நான்கு தடவை செய்த ஸ்லைட்கள் கிடக்கின்றன. எழுத்தை ஸ்கிரீன் ஷொட் எடுத்துப் படமாக ஒட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? பொன்டை பைலுக்குள்ளேயே பதித்து அனுப்புவது. எம்பெட் பண்ணுவது என்று சொல்வார்கள். இது புது விஷயமில்லை, விண்டோஸ் பவர்பொயின்டில் பல வருடமாக இருக்கிறது. இடம் இதுதான்:

```
File > Options > Save
[x] Embed fonts in the file
    ( ) Embed only the characters used in the presentation
    (•) Embed all characters
```

அந்தப் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போனால்தான் இது தெரியும். அதனால்தான் பலர் காணாமல் போகிறார்கள். டிக் போட்டு OK கொடுத்து, பிறகு பைலை ஒரு தடவை சேமிக்க வேண்டும். இந்த டிக் அந்த ஒரு பைலுக்கு மட்டும்தான். நேற்று வேறு பைலுக்குப் போட்டேன் என்று இன்றைக்கு விட்டுவிட முடியாது.

இரண்டு தெரிவில் முதலாவது, ஸ்லைட்டில் பாவித்த எழுத்துகளை மட்டும் பதிக்கும். பைல் சின்னதாக இருக்கும். ஆனால் அடுத்தவர் அதில் ஒரு சொல்லைத் திருத்தும்போது, பதித்ததில் இல்லாத எழுத்து வந்தால் அது வேறு பொன்டில் போய் நிற்கும். ஆசிரியர்களுக்குள் கைமாறுகிற பைலுக்கு இரண்டாவதைத்தான் போட வேண்டும். பைல் பெரிதாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தமிழுக்கென்று மட்டும் உள்ள ஒரு பொன்ட், நீங்கள் ஸ்லைட்டில் ஒட்டுகிற ஒரு போன் போட்டோவை விடச் சிறியது. போட்டோ ஏற்றும்போது வராத கவலை எழுத்துக்கு மட்டும் ஏன் வருகிறது?

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பதிப்பதற்கு அந்தப் பொன்ட் நீங்கள் சேமிக்கிற கணினியில் இருக்க வேண்டும். கொமியூனிகேஷனில் பாமினியில் டைப் பண்ணி வாங்கிக்கொண்டு, பாமினி இல்லாத வீட்டு லெப்டொப்பில் திறந்து டிக் போட்டுச் சேமித்தால் ஒன்றும் பதியாது. இல்லாததை எப்படிப் பதிப்பது? டைப் பண்ணின இடத்திலேயே, காசு கொடுக்கும் முன்னே, அந்தப் பையனிடம் டிக் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எல்லாப் பொன்டும் பதிய விடாது. ஒவ்வொரு பொன்டுக்குள்ளும் அதைச் செய்தவர் வைத்த அனுமதி ஒன்று இருக்கிறது. விண்டோஸின் `Fonts` கோப்புறையைத் திறந்து, பார்வையை `Details` ஆக்கினால் `Font embeddability` என்று ஒரு நிரல் வரும். அதில் `Installable` அல்லது `Editable` என்றிருந்தால் கவலையில்லை. `Preview/Print` என்றிருந்தால் பதியும், ஆனால் வாங்குகிறவர் பார்க்கத்தான் முடியும், திருத்த முடியாது. `Restricted` என்றால் பதியவே பதியாது. அப்போது சேமிக்கும்போது சில பொன்ட்களைச் சேமிக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். எங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியை வாசிப்பதில்லை. வந்தவுடன் OK. பிறகு "டிக் போட்டும் வேலை செய்யவில்லை" என்ற கதை.

உண்மையில் பதிந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பைலின் ஒரு பிரதியை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள `.pptx` என்பதை `.zip` என்று மாற்றித் திறவுங்கள். உள்ளே `ppt` என்ற கோப்புறை, அதற்குள் `fonts` என்ற கோப்புறை, அதற்குள் `.fntdata` என்று முடிகிற பைல்கள் இருந்தால் பொன்ட் உள்ளே இருக்கிறது. `fonts` கோப்புறையே இல்லையென்றால் பதியவில்லை. இது பிடிக்காதவர்கள் பக்கத்து வீட்டு லெப்டொப்பில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் திறந்து பார்ப்பது சோதனையே இல்லை, அதில் பொன்ட் எப்படியும் இருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு "அப்ப பாமினியிலேயே டைப் பண்ணி எம்பெட் பண்ணினாச் சரிதானே சேர்" என்று சிலர் கேட்பீர்கள். ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். இல்லை. இங்கேதான் நான் கடுமையாக நிற்கிறேன்.

எம்பெட் பண்ணின பாமினி, பவர்பொயின்ட் இருக்கிற கணினியில் அன்றைக்குக் காப்பாற்றும். பழைய பைல்கள் நிறைய வைத்திருக்கிறவர்கள் நாளைக்கே அதைச் செய்யுங்கள், நல்லது. ஆனால் அதே பைலைப் பிள்ளை போனில் வேறொரு ஆப்பில் திறந்தால், அந்த ஆப் பதித்த பொன்டைக் கவனிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கவனிக்காவிட்டால் திரும்பவும் xspj;njhFg;G. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் லெப்டொப் இருக்கிறது, எத்தனை பேரிடம் உம்மாவின் போன் மட்டும் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். யுனிகோடில் இருந்தால் பொன்ட் தவறினாலும் எழுத்து தவறாது. வடிவம் மாறும், வரி கொஞ்சம் நீளும், ஆனால் ஒளித்தொகுப்பு ஒளித்தொகுப்பாகவே இருக்கும். ஆகவே யுனிகோட் முதல், எம்பெட் அடுத்தது. ஒன்று வாசிக்க வைக்கும், மற்றது நீங்கள் அடுக்கின மாதிரியே காட்டும்.

"யுனிகோடில் டைப் பண்ண எங்களுக்குப் பழக்கமில்லை, விரல் பாமினிக்குப் பழகிப்போச்சு" என்பது அடுத்த சாட்டு. இந்தச் சாட்டுக்கு இனி இடமில்லை. NHM Writer என்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது. அதே விரல், அதே விசை, ஆனால் பைலில் விழுவது யுனிகோட் தமிழ். நீங்கள் மாற்ற வேண்டியது விரலை அல்ல.

யுனிகோட்காரர்களும் சும்மா சந்தோஷப்பட வேண்டாம், உங்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பதிப்புப் பவர்பொயின்டில் ஒன்றையும் மாற்றாமல் தமிழ் டைப் பண்ணினால், மேலே பொன்ட் பெட்டியில் Calibri என்று காட்டும். Calibri-யில் தமிழ் எழுத்தே கிடையாது. வழக்கமான தீமுக்குள் தமிழென்றால் Latha என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் உங்களுக்குத் தெரிவது லதா. விண்டோஸ் 10 வந்தபோது லதாவை, தேவைப்படுகிறவர்கள் தனியாக ஏற்றிக்கொள்ளும் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். அது இல்லாத கணினியில் Nirmala UI வந்து நிற்கும். இரண்டு பொன்டுக்கும் எழுத்தின் அகலம் வேறு. உங்கள் வீட்டில் ஒரு வரியில் நின்ற தலைப்பு மண்டபத்தில் வேறு இடத்தில் முறிவதும், அம்புக்குறி வேறு சொல்லைக் காட்டுவதும் இதனால்தான். ஆகவே தமிழை எல்லாம் தெரிவு செய்து, நீங்களே ஒரு தமிழ்ப் பொன்டின் பெயரைச் சொல்லிப் போடுங்கள். பிறகு பதியுங்கள்.

இனி அந்தப் பிள்ளையின் பைலுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். போன சனிக்கிழமை அவளும் நானாவும் பாடசாலைக்கு வந்தார்கள். இணையத்தில் இருக்கிற பாமினி மாற்றி ஒன்றில் ஒவ்வொரு பெட்டியாக ஒட்டி யுனிகோடுக்கு மாற்றினோம். `Replace Fonts` கொடுத்தால் மாறிவிடும் என்று நானா நினைத்தார். அது கண்ணாடியைத்தான் மாற்றும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். முழு ஸ்லைட்டையும் ஒரே தடவையில் மாற்றியில் போடக் கூடாது என்பதையும் பட்டுத்தான் படித்தோம். ஐந்தாவது ஸ்லைட்டில் CO2 என்று உண்மையான ஆங்கிலத்தில் இருந்தது. மாற்றிக்கு அது தெரியுமா? பாமினியில் C என்றால் ஊ, O என்றால் ழு. காபனீரொட்சைட்டு "ஊழு2" ஆகி வந்தது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததைப் போட்டிக்குப் பிறகு அன்றைக்குத்தான் கண்டேன்.

பொன்டுக்கு Noto Sans Tamil எடுத்தோம். இலவசம், பதிப்பதற்கு அனுமதி உள்ளது. கூகுள் பொன்ட்ஸில் இறக்கும்போது வருகிற சிப் பைலுக்குள் `static` என்று ஒரு கோப்புறை இருக்கும். அதிலுள்ள `Regular`, `Bold` இரண்டையும் நிறுவினோம். வெளியே தனியாகக் கிடக்கிற, எல்லாத் தடிப்பையும் ஒன்றுக்குள் அடக்கின பைலைத் தொடவில்லை. பவர்பொயின்டோடு அது சரியாக ஒத்துப்போவதில்லை. தலைப்புகள் தடித்த எழுத்தில் இருப்பதால் `Bold`-ம் தேவை. பிறகு எல்லாத் தமிழுக்கும் அந்தப் பொன்டைப் போட்டு, `Embed all characters` கொடுத்துச் சேமித்தோம். பிரதியை `.zip` ஆக்கிப் பார்த்தோம், `fonts` கோப்புறை இருந்தது.

அதோடு விடவில்லை. பென் ட்ரைவில் போட்டு, இந்தப் பொன்டை ஒருநாளும் காணாத அலுவலகக் கணினியில் திறந்தோம். பதினான்கு ஸ்லைட்டும் அப்படியே வந்தன. பிறகு உம்மாவின் போனில் திறந்தாள். அங்கே பொன்ட் மாறித்தான் இருந்தது, மூன்றாம் ஸ்லைட்டின் தலைப்பு இரண்டு வரியாக உடைந்திருந்தது. ஆனால் எல்லாம் தமிழ், எல்லாம் வாசிக்கலாம். தலைப்பை இரண்டு புள்ளி சின்னதாக்கினோம்.

எல்லாம் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். அதில் பெரும்பகுதி பாமினியை மாற்றப் போனது. டிக் போடப் போனது ஒரு நிமிடம் கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் முதலே செலவழித்திருந்தால் ஒரு பிள்ளை மேடையிலிருந்து தலை குனிந்து இறங்கியிருக்க மாட்டாள்.

எங்கள் ஆசிரியர் குழுவுக்கு வருகிற பைல்களில் இந்தக் கிழமையும் நான்கு, பொன்ட் பதிக்காத பாமினி. பெயர் சொல்லவில்லை. அனுப்பினவர்களுக்குத் தெரியும். இனி அப்படி வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்பப் போகிறேன், மூத்த ஆசிரியராக இருந்தாலும். போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை: பிள்ளைகளின் பைலை முதல் நாளே வாங்கி அந்த மண்டபக் கணினியிலேயே திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் அன்று பின்னேரமே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்து எந்த மொழி என்று கேட்காதீர்கள்.

ஒளித்தொகுப்பு பைல் தேவையானவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், பிள்ளை பகிரச் சம்மதித்திருக்கிறாள். பொன்ட் உள்ளேயே இருக்கிறது, தாராளமாகத் திருத்தலாம். ஐந்தாம் ஸ்லைட்டில் CO2-இன் 2 இன்னும் கீழே இறங்கவில்லை. அதைத் தானே சரி பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாள்.